நூறு ரூபாய்ப் பங்கை அறுபதுக்கு வாங்கிய பிறகு

குலசேகரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் பால் குறைந்துபோன ரப்பர் மரங்களை வெட்டித் தடியாக விற்றோம். வந்த பணத்தில் ஒரு பகுதியை அப்பா என்னிடம் கொடுத்து, பங்கில் போடு என்றார். எனக்கு அப்போது தெரிந்தது ஒரே ஒரு கணக்குதான். பங்கின் சந்தை விலையை அதன் புத்தக மதிப்பால் வகுக்க வேண்டும். விடை ஒன்றுக்குக் கீழே இருந்தால் மலிவு.

அப்படித் தேடியதில் ஒரு வங்கி கண்ணில் பட்டது. பெயர் வேண்டாம். எண்களை எளிமைக்காக முழுமையாக்கிச் சொல்கிறேன். சொந்த மூலதனமும் கையிருப்பும் சேர்ந்து 4,000 கோடி, மொத்தப் பங்குகள் 40 கோடி. ஆக ஒரு பங்கின் புத்தக மதிப்பு 100 ரூபாய். சந்தையில் விலை 60. விகிதம் 0.6. வங்கியை இன்றே இழுத்து மூடினால்கூட 40 ரூபாய் லாபம் என்று நம்பி, பணத்தில் பாதியை அதில் போட்டேன்.

தக்கலையில் இருக்கும் சித்தப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டது இதுதான்: “மக்கா, அந்த நூறு ரூபா எதுல இருக்குன்னு பாத்தியா?”

பார்க்கவில்லை. அன்று மாலையே இருவரும் ஆண்டறிக்கையை எடுத்து உட்கார்ந்தோம். வங்கியின் சொத்து என்பது பெரும்பாலும் அது கொடுத்த கடன்தான். கடன் திரும்பி வராவிட்டால் நட்டம் முதலில் விழுவது பங்குதாரர்களின் பணத்தின் மேல். அதனால் முதலில் நிகர வாராக்கடனைத் தேடினோம். வட்டியோ தவணையோ 90 நாளுக்கு மேல் நின்றுபோன கடன்களில், வங்கி ஏற்கெனவே நட்டத்துக்காக ஒதுக்கியதைக் கழித்த மீதி அது. 900 கோடி இருந்தது. அவ்வளவும் போய்விடும் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் வசூலாகும். ஆனால் மதிப்புப் போடும்போது முழுவதையும் கழித்துவிடு, வந்தால் லாபம் என்றார் சித்தப்பா.

அடுத்து இருப்புநிலைக் குறிப்பின் இரண்டாம் அட்டவணை. கையிருப்புகள் வகைவாரியாக அங்கேதான் இருக்கும். அதில் 400 கோடி மறுமதிப்பீட்டுக் கையிருப்பு. அதாவது, வங்கியின் பழைய கட்டடங்களையும் நிலத்தையும் இன்றைய விலைக்கு உயர்த்தி எழுதியதால் வந்த தொகை. ரிசர்வ் வங்கியே இதை மூலதனமாக எண்ணும்போது 55 சதவீதத்தைத் தள்ளிவிடுகிறது. கிளைக் கட்டடத்தை விற்றுக் கடன் கொடுக்க முடியாது என்பதால் நாங்கள் முழுவதையும் தள்ளினோம். கடைசியாக, ‘இதர சொத்துகள்’ என்ற தலைப்புக்குள் 300 கோடி, ஒத்திவைக்கப்பட்ட வரிச் சொத்து. பழைய நட்டங்களைக் காட்டி வருங்காலத்தில் குறைவாக வரி கட்டலாம் என்ற உரிமை அது. வங்கி நல்ல லாபம் சம்பாதித்தால்தான் அதற்குப் பயன்.

மூன்றையும் கழித்தால் 4,000 கோடி 2,400 கோடியாக நின்றது. 40 கோடியால் வகுத்தால் பங்குக்கு 60 ரூபாய். நான் கொடுத்த விலையும் அதே 60. சந்தை எனக்குத் தள்ளுபடி எதுவும் தரவில்லை. நான் பார்க்காத பக்கங்களை மற்றவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள்.

சரி, லாபமாவது எப்படி என்று பார்த்தோம். ஆண்டு லாபம் 160 கோடி. 4,000 கோடி மூலதனத்துக்கு 4 சதவீதம். இதைத்தான் பங்கு மூலதனத்தின் மீதான வருவாய் என்கிறார்கள், சுருக்கமாக ஆர்.ஓ.இ. சித்தப்பா அதைத் தோட்டக் கணக்காகவே சொன்னார். “ஒரு ஏக்கரை ஊர் விலையில பாதிக்கு ஒருத்தன் தாறான்னா, மரத்துல பால் வருதான்னு கேப்பியா, மாட்டியா?” ஆர்.ஓ.இ.யைப் புத்தக மதிப்பு விகிதத்தால் வகுத்தால், நான் போட்ட பணத்துக்கு வங்கி ஆண்டுக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது என்று தெரியும். 4-ஐ 0.6-ஆல் வகுத்தால் 6.7 சதவீதம்.

நான் ‘விலை அதிகம்’ என்று ஒதுக்கிய இன்னொரு வங்கியையும் அதே தாளில் எழுதினோம். புத்தக மதிப்பு 140, விலை 210, விகிதம் 1.5. ஆர்.ஓ.இ. 16 சதவீதம். வகுத்தால் 10.7. கழிக்க வேண்டியவை பங்குக்கு 7 ரூபாய்தான். அதற்கும் மேலே, அந்த வங்கி லாபத்தில் பங்காதாயம் போக மீதியை உள்ளேயே வைத்து, அதிலும் அதே 16 சதவீதம் சம்பாதித்தால், புத்தக மதிப்பு ஆண்டுதோறும் வளரும். முதல் வங்கியில் உள்ளே தங்கும் பணம் 4 சதவீதத்தில் உழைக்கும். அதைவிட நிரந்தர வைப்பில் போடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. வங்கி அதிகம் கடன் வாங்கி நடத்தினாலும் ஆர்.ஓ.இ. உயரும். மொத்தச் சொத்தில் 1 சதவீதம் சம்பாதித்து, மூலதனத்தைப் போல் 12 மடங்கு சொத்து வைத்திருந்தால் 12 சதவீதம். அரை சதவீதம் சம்பாதித்து 24 மடங்கு வைத்திருந்தாலும் அதே 12. இரண்டாவதில், மொத்தச் சொத்தில் நாலு சதவீதம் போனாலே மூலதனம் ஏறக்குறைய காலி. அதனால் சொத்தின் மீதான வருவாயையும் பக்கத்தில் எழுதிவைக்கிறேன்.

எனக்கு உண்மையான அடி விழுந்தது எட்டு மாதம் கழித்து. முதல் வங்கிக்கு மூலதனம் போதவில்லை. 60 ரூபாய் விலையில் 10 கோடி புதுப் பங்குகளை வெளியிட்டது. 4,000 கோடியோடு 600 கோடி சேர்ந்து 4,600. பங்குகள் 50 கோடி. புத்தக மதிப்பு நூறிலிருந்து 92-க்கு இறங்கியது. ஒரு ரூபாய்கூட நட்டம் எழுதாமலே என் பங்கு தேய்ந்தது. ஒன்றுக்குக் கீழே விற்கும் வங்கி வளர வேண்டுமானால் பழைய பங்குதாரர்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. மூலதன விகிதம், அதாவது சொத்துகளை அபாயத்துக்கு ஏற்ப எடைபோட்டு அதில் மூலதனம் எத்தனை சதவீதம் என்ற கணக்கு, குறைந்தபட்சத் தேவைக்குப் பக்கத்தில் இருந்தாலே இதை முன்கூட்டி எதிர்பார்த்திருக்கலாம். அந்தத் தேவை, காப்பு மூலதனத்தையும் சேர்த்து 11.5 சதவீதம்.

அப்புறம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்ததால், ஒரு காற்றாலை மின் நிறுவனத்தையும் இதே கணக்கில் பார்த்தேன். ஆர்.ஓ.இ. 24 சதவீதம், விகிதம் 3. முதல் பார்வைக்கு அருமை. ஆனால் காற்றாலைக்குக் கணக்கில் ஆயுள் 22 ஆண்டு. இந்த நிறுவனத்தின் காற்றாடிகளுக்கு 18 வயது. நூறு ரூபாய்க்கு வாங்கிய இயந்திரத்தில் எண்பது ரூபாய்க்குப் பக்கத்தில் தேய்மானமாக ஏற்கெனவே எழுதியாயிற்று. லாபம் அப்படியே இருக்க, வகுக்கும் எண் சுருங்கிவிட்டதால்தான் அந்த 24. புது இயந்திரம் வைக்கும் நாளில் மூலதனம் பெருகும், ஆர்.ஓ.இ. இறங்கும். வங்கியில் புத்தக மதிப்பு உண்மையைவிடப் பெரிதாகத் தெரிந்தது, இங்கே சிறிதாகத் தெரிகிறது.

இதைக் கண்டுபிடிக்க நிலைச் சொத்து அட்டவணையில் மொத்த அடக்க விலையையும் சேர்ந்த தேய்மானத்தையும் ஒப்பிடலாம். ஒரு சிக்கல் உண்டு. புதிய கணக்கியல் தரத்துக்கு மாறியபோது பல நிறுவனங்கள் தேய்மானம் போக மிஞ்சியதையே புது அடக்க விலையாக எடுத்துக்கொண்டன. அப்படி என்றால் பழைய இயந்திரமும் புதிதுபோலத் தெரியும். மாறுவதற்கு முந்தைய ஆண்டறிக்கையைத் தேடி எடுத்துத்தான் இயந்திரங்களின் வயதைத் தெரிந்துகொண்டேன். அந்தப் பங்கை வாங்கவில்லை.

முதல் வங்கிப் பங்குகளை 54 ரூபாய்க்கு விற்றுவிட்டு, அந்தப் பணத்தை இரண்டாவது வங்கியில் போட்டேன். அதன் அடுத்த ஆண்டறிக்கை வந்ததும் சித்தப்பா வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன். நடப்பாண்டில் புதிதாக வாராக்கடனாக மாறிய தொகை எவ்வளவு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.