வாங்கின விலைக்கு 25, விற்கிற விலைக்கு 25

மலேசியாவின் தெலுக் இந்தான் டவுனில், தோட்டங்களுக்குச் சாமான் போடும் ஒரு கடையில் பல வருடங்கள் கணக்குப் பார்த்தேன். செம்பனைக் குலை வெட்டும் அரிவாள், உளி, தள்ளுவண்டி, ரப்பர் பூட்ஸ், கையுறை, புல்லுக்கு மருந்து அடிக்கும் முதுகுப் பம்பு, இவைதான் எங்கள் சரக்கு. சுற்றியிருக்கும் தோட்ட ஆபீஸ்களிலிருந்து கிராணிமார் போன் செய்து, "பதினைந்து பம்பு வேணும், கொட்டேஷன் அனுப்பும்மா" என்பார்கள். மூன்று கடைகளிலிருந்து விலை வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அதனால் கொட்டேஷன் எழுதும் நேரத்தில் கையில் இருக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் யோசிக்க வேண்டியிருக்கும்.

சேர்ந்த புதிதில் முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்த விலைக் கணக்கு ஒரே ஒரு வரி. "மருந்துக்கு 6 போடு, பூட்ஸுக்கு 20 போடு, பம்புக்கு 25 போடு." எதன் மேல் 6, எதன் மேல் 25 என்று அவர் சொல்லவில்லை. வாங்கின விலை மேல்தானே, வேறு எதன் மேல் போட முடியும் என்று நினைத்துக்கொண்டு நானும் கேட்கவில்லை.

முதல் ஏழெட்டு மாதம் எனக்கு வந்ததில் பெரும்பாலும் மருந்து கொட்டேஷன்தான். 100 வெள்ளிக்கு வாங்கிய களைக்கொல்லியை 106 என்று எழுதுவேன். முதலாளி தன் மேசையில் போட்டுப் பார்த்தால் 106.38 வரும். சில்லறையைத் தள்ளியிருக்கிறாள் என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். சதவீதம் சின்னதாக இருக்கும்போது இரண்டு கணக்கும் ஒட்டிக்கொண்டே போகும், பார்வைக்குத் தப்பிவிடும். 25, 30 என்று ஏறும்போதுதான் இரண்டும் பிரிந்து நிற்கும்.

அது பிரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. முதலாளி ஈப்போவுக்குப் போயிருந்தார். ஒரு தோட்டத்துக் கிராணி நேரில் வந்து பதினைந்து முதுகுப் பம்புக்கு விலை கேட்டார். பம்பு எங்களுக்கு 96 வெள்ளிக்கு இறங்கியிருந்தது. என் கைபேசியை எடுத்து 96 + 25 % என்று அழுத்தினேன், 120 வந்தது. பதினைந்துக்கு 1,800 வெள்ளி. எழுதி, சாப்பு அடித்துக் கொடுத்தேன். கிராணி பேப்பரைப் பார்த்துவிட்டு, "பத்துப் பர்சன் குறைச்சுக் கொடும்மா, இன்னிக்கே ஆர்டர் போடுறேன்" என்றார். 25 வைத்திருக்கிறோம், 10 விட்டால் 15 மிஞ்சும், பரவாயில்லை என்று மனசுக்குள் கழித்துப் பார்த்து, 1,620 என்று திருத்திக் கொடுத்தேன்.

மறுநாள் முதலாளி பேப்பரைப் பார்த்தார். கோபப்படவில்லை. "பம்புக்கு 25 போடச் சொன்னேனே, ஏம்மா போடல?" என்று கேட்டார். போட்டேன் ஐயா என்று கைபேசியில் மறுபடி அழுத்திக் காட்டினேன், 120. அவர் மேசையிலிருந்த பெரிய பொத்தான் கல்குலேட்டரை என் பக்கம் திருப்பி, அதே பொத்தான்களை அதே வரிசையில் அழுத்தினார். 96 + 25 %. திரையில் 128 வந்தது.

அந்தக் கல்குலேட்டர் கெட்டுப்போகவில்லை. கடைக்காரர்களை நினைத்துச் செய்த சில மேசைக் கல்குலேட்டர்களில் கூட்டல் குறிக்குப் பிறகு சதவீதம் போட்டால், "விற்கிற விலையில் இவ்வளவு லாபமாக இருக்க என்ன விலை வைக்க வேண்டும்" என்று அது எடுத்துக்கொள்ளும். கைபேசியோ வாங்கின விலையில் கால் பங்கை எடுத்து அதன் மேலேயே வைத்துக் காட்டும். முதலாளி வருடக்கணக்காக அந்த ஒரு கல்குலேட்டரில் விலை போட்டு வந்தவர். அவர் வாயில் "25" என்றால் எப்போதும் விற்கிற விலையில் 25தான். அவர் விற்கிற விலையில் பார்த்தது மார்ஜின், நான் வாங்கின விலை மேல் ஏற்றியது மார்க்கப். இரண்டு பேரும் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு வேறு வேறு விலையை எழுதிக்கொண்டிருந்தோம்.

அவர் எனக்கு விளக்கிய விதம் எந்தப் புத்தகச் சூத்திரத்தையும் விட எளிது. ஒரு பேப்பரில் நாலு கட்டம் போட்டார். "இது விலை. நாலு கூறு. இதுல ஒரு கூறு நம்ம லாபம், மூணு கூறு சாமான் வாங்கின காசு. மூணு கூறு 96ன்னா ஒரு கூறு எவ்வளவு?" 32. "அப்போ நாலு கூறு?" 128. பிறகு பக்கத்தில் ஐந்து கட்டம் போட்டார். "நீ செஞ்சது இது. வாங்கின காசை நாலு கூறாக்கி, அதே அளவுல இன்னொரு கூறை மேல வச்சே. மொத்தம் அஞ்சு கூறு. உன் லாபம் அஞ்சுல ஒண்ணு." ஒரு கூறு 24, ஐந்து கூறு 120. வாங்கின விலைக்குப் பார்த்தால் அது 25, விற்கிற விலைக்குப் பார்த்தால் 20.

அன்றிலிருந்து என் தலைக்குள் ஓடுவது அந்தக் கட்டங்கள்தான். லாபத்தை வாங்கின விலையோடு வைத்துப் பார்த்தால் நாலுக்கு ஒன்று, விலையோடு வைத்துப் பார்த்தால் ஐந்தில் ஒன்று. மூன்றுக்கு ஒன்று என்றால் நாலில் ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்றால் மூன்றில் ஒன்று. அதாவது விலையில் கால் பங்கு லாபம் வேண்டுமென்றால், வாங்கின விலை மேல் மூன்றில் ஒரு பங்கு, 33.33 சதவீதம், ஏற்ற வேண்டும். கூறாகப் பிரியாத எண்களுக்கு மட்டும் கல்குலேட்டர். விலையில் 22 லாபம் வேண்டுமென்றால் வாங்கின காசு விலையில் 78. அதனால் வாங்கின காசை 0.78ஆல் வகுத்தால் விலை வந்துவிடும். வரிசையாக விலைப் பட்டியல் போடும்போது நான் எழுதி வைத்துக்கொண்டது இவ்வளவுதான்:

```
விலை = வாங்கின விலை ÷ (1 − மார்ஜின்)
மார்ஜின் = மார்க்கப் ÷ (1 + மார்க்கப்)
மார்க்கப் = மார்ஜின் ÷ (1 − மார்ஜின்)
```

இதில் 25 சதவீதத்தை 0.25 என்று போட வேண்டும்.

பம்புக்கு எட்டு வெள்ளி விட்டது பெரிய நஷ்டம் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையான அடி அந்தப் பத்து சதவீதக் கழிவில் விழுந்திருந்தது. கழிவு எப்போதும் விற்கிற விலையில்தான் போகும். கிராணி கேட்டது 1,800இல் பத்து. 180 வெள்ளி. நான் அதை வாங்கின விலை மேல் போட்ட 25இலிருந்து கழித்து, 15 மிஞ்சும் என்று கணக்குப் பண்ணினேன். ஒரு படியில் அளந்த அரிசியை இன்னொரு படியில் கழித்த மாதிரி. பம்பு வாங்கின காசு 1,440. 1,620இல் மிஞ்சியது 180 வெள்ளி. விலையில் 20 கூறு இருந்ததில் பத்தை ஒரே வார்த்தையில் கொடுத்துவிட்டேன், லாபத்தில் சரிபாதி போய்விட்டது. அந்த 180இல் லோரிக் கூலியும் போக வேண்டும். முதலாளி சொன்னபடி 1,920 எழுதி, அதே பத்து சதவீதத்தை விட்டிருந்தால் 1,728 வந்திருக்கும், 288 வெள்ளி மிஞ்சியிருக்கும்.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் புரிந்தது. தோட்ட ஆபீஸில் நம் பேப்பர் பைலில் ஏறிவிடும். அடுத்த முறை பம்பு கேட்டபோது 128 எழுதி அனுப்பினேன். "போன தடவை 108க்குக் கொடுத்தீங்களே" என்று கிராணி பைலைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. சரியான விலைக்கு ஏறி வர எங்களுக்கு மூன்று ஆர்டர் ஆயிற்று.

வருட முடிவில் கணக்காளர் வந்தபோதும் இதே கதை வேறு வடிவத்தில் வந்தது. அவர் தாளில் மொத்த லாபத்தை விற்பனையோடு ஒப்பிட்டுத்தான் எழுதுவார். முதலாளி கட்டம் போட்டுக் காட்டுவதற்கு முன் நான் விலை போட்ட கொட்டேஷன்களில், கழிவு எதுவும் கொடுக்காத ஒரு சாமான் வரிசை மட்டும் தனியாக நின்றது. அதில் எல்லாவற்றுக்கும் 25 ஏற்றியிருக்கிறேன், தாள் 20 என்கிறது. சாமான் காணாமல் போயிருக்கிறதா என்று ஸ்டோரில் வேலை செய்த தம்பியைக் கூப்பிட்டு இருப்பு எண்ண வைத்தார்கள். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. 25 ஏற்றினால் தாளில் 20தான் வரும். அந்தத் தம்பி அன்று முகம் சுருங்கி நின்றது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஏற்றிய சதவீதத்தைத் தாளில் இருக்கும் சதவீதத்தோடு அப்படியே ஒப்பிடக்கூடாது. முதலில் மாற்றிப் பார்த்துவிட்டு, அதற்கு அப்புறமும் குறைந்தால்தான் ஸ்டோர் பக்கம் போக வேண்டும்.

2015 ஏப்ரலில் 6 சதவீத ஜிஎஸ்டி வந்தபோது டவுனில் பலருக்கும் இதே தடுமாற்றம் வந்ததைப் பார்த்தேன். வரியோடு 106 வெள்ளி என்றால் வரி இல்லாமல் எவ்வளவு என்று கேட்டால், 106இல் 6 சதவீதத்தைக் கழித்து 99.64 என்பார்கள். ஏறும்போது 100 மேல் ஏறியது, இறங்கும்போது 106 மேல் நின்று இறங்கினால் பழைய இடத்துக்கு வராது. 1.06ஆல் வகுத்தால்தான் 100 வரும். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை, முதலாளியின் கட்டங்களைப் போல 106 கூறில் 6 கூறு வரி, அவ்வளவுதான்.

திருப்பிப் போடும் கணக்கு வாங்கும்போதும் வேண்டியிருக்கிறது. பூட்ஸ் கொண்டுவரும் சேல்ஸ்மேன் ஒருவர், "அக்கா, 50க்கு எடுத்து 70க்குக் கொடுங்க, உங்களுக்கு நாற்பது பர்சன்" என்பார். அவர் சொல்வது வாங்கின விலைக்கு. ஐந்து கூறு காசு, இரண்டு கூறு லாபம், விலை ஏழு கூறு. ஏழில் இரண்டு என்றால் 28.57. தோட்டத்துக்குப் பத்து விட்டால் விலை 63. மிச்சம் 13 வெள்ளி, 63இல் 20க்குச் சற்று மேல். எங்கள் பூட்ஸ் கணக்குக்கு அது போதும், எடுத்துக்கொள்ளலாம். இன்னொருவர் அதே நாற்பதை விற்கிற விலையில் சொல்வார். அவர் சொல்லும் விலை 50க்கு 83.33. அதனால் யார் எந்தச் சதவீதம் சொன்னாலும் "வாங்கின விலைக்கா, விற்கிற விலைக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். யாராவது 120 பர்சன் லாபம் என்றால் மட்டும் கேட்க வேண்டாம், அது வாங்கின விலைக்குத்தான். சாமான் சும்மா வந்தால்கூட விற்கிற விலையில் லாபம் 100ஐத் தாண்டாது.

முதலாளியின் கல்குலேட்டருக்குப் பக்கத்தில் இன்னொன்று வாங்கி வைத்தபோது, பெட்டியைப் பிரித்ததும் 100 + 25 % அழுத்திப் பார்த்தேன். 125 வந்தது. பழையதில் 133.33. ஒரு வெள்ளை டேப்பில் "விற்கிற விலை" என்று எழுதிப் பழையதின் தலையிலும், "வாங்கின விலை" என்று எழுதிப் புதியதின் தலையிலும் ஒட்டினேன். கொட்டேஷன் புத்தகத்தில் சதவீதத்துக்கு இரண்டு பத்தி கோடு போட்டு, இரண்டையும் நிரப்பாத பேப்பருக்குச் சாப்பு அடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். நான் வேலையை விட்டு வந்த பிறகும் அந்த டேப் அப்படியே இருப்பதாக ஸ்டோர் தம்பி சொன்னான். இப்போது அவன்தான் கொட்டேஷன் எழுதுகிறான்.