தலையணை

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவின் வயிற்றில் தையல் 14. இருமல் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் தலையணையை வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கவேண்டும் என்று நேர்ஸ் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அப்பா உடனே ஒருமுறை ஒத்திகை பார்த்தார்.

பின்னேரம் அத்தான் வந்தார். வார்டு வாசலிலேயே "மாமா, ஒரு பகிடி கேளுங்கோ". அப்பா தலையணையை எடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு காத்திருந்தார், ட்ரைவர் பிரேக் அடிக்கப்போகிறான் என்று தெரிந்து கம்பியைப் பிடிக்கிறவர் மாதிரி. பகிடி முடிந்தது. தலையணைக்கு வேலை இருக்கவில்லை.

மார்ச் 5, புதன்

வாயால் இன்னும் ஒன்றும் கொடுக்கக்கூடாது. பார்க்க வருகிற எல்லோரும் கிறீம் கிராக்கர் கொண்டுவருகிறார்கள். இன்றோடு ஏழு பைக்கற். அப்பா லொக்கரைப் பார்த்துவிட்டு, "இனிக் கடை ஒண்டு போடலாம்" என்றார். அத்தான் உடனே, "மாமா, நான் கெஷியர்!" எல்லோரும் சிரித்தார்கள், பக்கத்துக் கட்டில் ஐயாகூட. அவருக்குத் தமிழ் தெரியாது.

எனக்கும் ஒன்று தோன்றியது. 100-ஆம் இலக்க பஸ்ஸில், பம்பலப்பிட்டி தாண்டின பிறகு.

மார்ச் 7, வெள்ளி

நித்திரை இல்லை. ரிப்போர்ட் வரவில்லை.

ஏன் எனக்கு எப்போதும் பஸ்ஸில்தான் பதில் வருகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 2009-இல் பத்து மொழிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வைப் பற்றி எப்போதோ வாசித்தது ஞாபகம் வந்தது: ஒருவர் பேசி முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. ஆனால் ஒரே ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே அரை நொடிக்கு மேல் வேண்டும். அப்படியென்றால் அத்தான், அப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே கெஷியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். நான் அப்பா சொல்வதைக் கடைசிச் சொல் வரைக்கும் கேட்டேன். கேட்டு முடித்தபோது கதவு சாத்தியாயிற்று. இருபத்தொன்பது வயது வரைக்கும் இதை மூளைக் குறைபாடு என்று நினைத்திருந்தேன், கூச்சம் என்று அக்கா நினைத்திருந்தாள், திமிர் என்று அத்தானின் தாயார்.

சரி, அந்த இடைவெளிக்காக ஓடத் தேவையில்லை என்று வைத்துக்கொண்டால்? பஸ்ஸில் வந்ததை எறியாமல் வைத்திருந்து, அந்தப் பேச்சு தானாகத் திரும்பி வரும்போது கொடுக்கலாம். வார்டில் எல்லாம் திரும்பி வரும். அதே கேள்வி, அதே பிஸ்கட், அதே மாமா. முழுவதையும் கேட்டிருந்தவளுக்குத்தான் அப்பா எந்தச் சொல்லைப் பாவித்தார் என்பது ஞாபகம் இருக்கும்.

கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பகிடியாக எழுதுவதில்லை, நடந்ததை நடந்தபடி. இன்றைக்கு: "சரி, நாங்கள் போட்டு வாறம்" என்று சொன்ன பிறகு சித்தி குடும்பம் நின்ற நேரம் 25 நிமிடம். கட்டில் கால்மாட்டில் தொங்குகிற காகிதத்தை வந்தவர்கள் எல்லோரும் எடுத்து வாசித்தார்கள், ஒருவருக்கும் விளங்கவில்லை, எல்லோரும் தலையாட்டினார்கள்.

மார்ச் 8, சனி

எழுதியே ஆகவேண்டும்.

நாலரைக்குப் பெரிய மாமா வந்தார். கையில் பை. பைக்குள் கிறீம் கிராக்கர், எட்டாவது. அதை லொக்கருக்கு மேல் வைத்துவிட்டுக் கதிரை தேடிப் போனார். நான் அப்பாவின் காதுப் பக்கமாகக் குனிந்தேன். "தண்ணி வேணுமோ" என்று கேட்கிற அதே குரல்.

"அப்பா, சரக்கு வந்திட்டுது."

அப்பாவின் கை தலையணையைத் தேடிப் போனது. பிந்திவிட்டது. முகத்தைச் சுளித்து, ஒரு கையால் வயிற்றைப் பொத்தி, மற்றக் கையால் என்னை அடிக்கிற மாதிரி காட்டி, "சும்மா இரு பிள்ளை, இழுக்குது" என்று கண்ணில் தண்ணீர் வர வர... மாமா கதிரையோடு திரும்பி வந்து நோகுதோ என்று கேட்டார். நோகுது என்றார் அப்பா. உண்மை.

கடை அப்பாவுடைய சொல். புறக்கோட்டையில் அவர் கடை நடத்திய காலத்தில் லொறி வந்ததும் பெடியன்கள் கூப்பிடுகிற வசனம்தான் அது. நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை, அவர் புதன்கிழமை கீழே போட்டதைச் சனிக்கிழமை எடுத்துக் கொடுத்தேன். எட்டுப்பேருக்குச் சொல்லியிருந்தால் ஏழுபேருக்கு விளக்கவேண்டி வந்திருக்கும். முகத்தில் சிரிப்பு வைத்திருந்தால் அப்பா தலையணையை எடுத்திருப்பார்.

மார்ச் 9, ஞாயிறு

கெட்ட நாள். காலையில் டொரொண்டோவிலிருந்து பெரியம்மா. அப்பாவைச் சிரிக்க வைத்ததைச் சொல்லப்போனேன்: "மாமா பிஸ்கட் பைக்கற் கொண்டுவந்து வைக்க நான் அப்பாட்ட சரக்கு வந்திட்டுது எண்டு சொன்னனான்." அங்கே மௌனம். "ஓ. என்ன சரக்கு?" என்று கேட்டார். விளக்கினேன். விளக்க விளக்க அது இன்னும் செத்தது.

ஃபோனை வைத்த பிறகுதான் தெரிந்தது. தமிழில் வினைச்சொல் கடைசிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. சிரிக்கவேண்டிய சொல் நடுவில் வந்துவிட, அதற்குப் பிறகும் "எண்டு சொன்னனான்" என்று ஒரு வால் ஓடுகிறது, சிரிக்கிறவர் அந்த வால் முடியும்வரை மரியாதைக்குக் காத்திருக்கிறார், அதற்குள் எல்லாம் ஆறிவிடுகிறது. இன்னொன்று, கடைப் பேச்சு பெரியம்மாவுக்குத் தெரியவே தெரியாது.

இரவு சித்திக்கு வேறு மாதிரிச் சொன்னேன். அப்பா புதன்கிழமை கடை போடலாம் எண்டவர். ஏழு பைக்கற். நேற்று மாமா எட்டாவதோட வாறார். நான் மெல்லமாச் சொன்னன்: "சரக்கு வந்திட்டுது." நிறுத்திவிட்டேன். வாலை வெட்டித் தலையில் வைத்தாயிற்று. சித்தி சிரித்தா.

அத்தானும் இன்று வார்டு முழுக்கக் கேட்கும்படி "மாமா, சரக்கு வந்திட்டுதூ!" என்றார். கையில் பிஸ்கட்கூட இல்லை. அப்பா மரியாதையாகத் தலையணையை எடுத்தார். பாவம் அத்தான். தினமும் மத்தியானம் அக்காவுக்குச் சோறு கொண்டுவருகிறவரும் அவர்தான்.

மார்ச் 11, செவ்வாய்

ஒன்பதாவது பைக்கற். நானும் திரும்பச் சொன்னேன். "ம்" என்றார் அப்பா. அதற்குள் பழக்கமாகிவிட்டது. இனித் தொடக்கூடாது, அல்லது மிகவும் நீண்ட காலம் விடவேண்டும்.

பக்கத்துக் கட்டில் ஐயாவைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. அவருடைய வெறும் லொக்கரையும் எங்கள் லொக்கரையும் வைத்து ஒன்று வந்தது, நல்லதாகவே வந்தது, சரியான நேரத்திலேயே வந்தது. வாழ்க்கையில் முதல்தடவை நேரத்துக்கு வந்ததை விழுங்கவேண்டியதாயிற்று. இரண்டு பைக்கற்றை அவருடைய லொக்கரில் வைத்தேன். அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், அப்பா சிரித்தார், தலையணையோடு. என்ன சொன்னார் என்று அப்பா இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 13, வியாழன்

போயா. லாப் பூட்டு. ரிப்போர்ட் வராது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே நாள் என்பதால் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

மார்ச் 14, வெள்ளி

பத்து மணி என்று சொன்னார்கள். பதினொன்றரை. அக்காவும் அத்தானும் கீழே போய் நாற்பது நிமிடம். அத்தான் ஃபோன் எடுக்கவில்லை, அவர் எடுக்காமல் இருந்ததே இல்லை. கொப்பியில் எழுத ஒன்றும் இல்லை. ஃபேன் சுற்றுகிறது. எண்ணிப் பார்த்தேன், மூன்று இதழ்.

லிஃப்ட் கதவு திறந்தது. அக்காவின் கையில் மண்ணிறக் கவர். அப்பா அவளைப் பார்த்தார், பிறகு தலையணையை எடுத்து என்னுடைய மடியில் வைத்துவிட்டு, மெல்லமாகக் கேட்டார்:

"சரக்கு வந்திட்டுதோ?"