கண் அறையில் தொண்டையைப் பற்றிச் சொன்ன அக்கா

"தம்பி, சோறு தொண்டையில ஒட்டுது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு தண்ணி குடிச்சாத்தான் இறங்குது."

அந்த அக்கா இதைச் சொன்னபோது அவருடைய இரண்டு கீழிமைகளிலும் காகிதப் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பேசாம கண்ணை மூடிக்கிட்டு இருங்க அக்கா. தொண்டைக்கு அந்தப் பக்கம் பொது டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை, அது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று அளக்கும் ஷிர்மர் பரிசோதனையில் பேசக்கூடாது என்பது உண்மைதான். 35 மில்லிமீட்டர் நீளமுள்ள வடிதாள் பட்டையின் நுனியை மடித்து, கீழிமையின் வெளிப்பக்கம் மாட்டி, 5 நிமிடம் விட வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்பதுதான் கணக்கு. 5 அல்லது அதற்குக் கீழே என்றால் கண்ணீர் மிகக் குறைவு. மரத்துப்போகும் சொட்டு மருந்து போடாமல், வேறு எந்தச் சொட்டும் விடுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். அக்காவுக்கு வலது 3, இடது 4.

ஆனாலும் அந்த எண்ணை நான் முழுதாக நம்பவில்லை. அது ஜனவரி. கோத்தகிரியில் காலையில் உறைபனி, அறைக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அது கண்ணை உலர்த்தும். அதோடு அவர் மூக்கடைப்புக்காக மெடிக்கலில் வாங்கிய குளோர்பெனிரமின் மாத்திரையை மாதக்கணக்கில் தினமும் ராத்திரி போட்டுவந்திருக்கிறார். அந்த வகை மாத்திரைகள் கண்ணீரையும் எச்சிலையும் சேர்த்தே குறைக்கும். வாரம் இரண்டு நாள் வரும் கண் டாக்டரிடம் சொன்னேன். மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்து பார்க்கலாம் என்றார். அது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மருந்தால் வந்த வறட்சியை நோய் என்று எழுதிவிடக்கூடாது.

இரண்டு வாரம் ஐந்து வாரமானது. கொழுந்து எடுக்கப் போகிறவருக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு. பிப்ரவரி கடைசியில் வந்தார். ஹீட்டரை அணைத்துவிட்டு அளந்தேன், இரண்டு கண்ணிலும் 4. டாக்டர் ரத்தத்தில் ஏஎன்ஏ பார்க்கச் சொன்னார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தில்தான் அந்தச் சோதனை. ரத்தம் கோவைக்குப் போய், முடிவு நெகடிவ் என்று வந்தது. இன்னொரு நாள் கூலியை ஏன் கெடுப்பது என்று நானே போனில் கூப்பிட்டு, "ஒன்னுமில்ல அக்கா, வறட்சிதான், சொட்டு மருந்து விடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

'ஒன்னுமில்ல' என்ற அந்தச் சொல்லைத்தான் இப்போது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏஎன்ஏ என்பது, சொந்த உடம்பின் செல்களையே தாக்கும் எதிரணுக்கள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஒரு பொதுவான வலை. கண்ணாடித் தகட்டில் ஒரு வகை செல்களைப் பரப்பி, நோயாளியின் ரத்தநீரை ஊற்றி, செல்லின் உட்கரு ஒளிர்கிறதா என்று பார்ப்பார்கள். ஷோகிரனில் முக்கியமான எதிரணு 'ரோ' என்ற புரதத்துக்கு எதிரானது, எஸ்எஸ்ஏ என்றும் சொல்வார்கள். அந்தச் செல்களில் ரோ புரதம் குறைவாக இருக்கலாம், தகடு தயாரிக்கும்போது கரைந்தும் போகலாம். அதனால் ஏஎன்ஏ நெகடிவ் என்று வந்தாலும் ரோ பாசிடிவாக இருப்பவர்கள் உண்டு. சந்தேகம் பலமாக இருந்தால் ரோவைத் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது. தெரியாததைத் தவறு என்று சொல்லலாமா? எனக்கே தெளிவில்லை. ஆனால் தொண்டையைப் பற்றி அவர் சொன்னதை டாக்டரிடம் நான் சொல்லவில்லை என்பது தெரியாமை அல்ல. வெறும் கண் வறட்சி என்றால் டாக்டர் ஒரு சோதனையோடு விட்டிருப்பார், கண்ணும் வாயும் சேர்ந்து வறண்டால் அவருடைய யோசனையே வேறு பக்கம் போயிருக்கும்.

அக்கா பொது டாக்டரிடம் போகவில்லை. வாய் காய்ந்தால் பெட்டிக்கடை மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார். அதில் கொஞ்சம் எச்சில் ஊறும் என்று அவரே கண்டுபிடித்த வழி.

செப்டம்பரில் குன்னூரில் ஒரு பல் டாக்டர்தான் இதைப் பிடித்தார். கீழ்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறோரம் சொத்தையாகியிருந்தன. சாதாரணமாக அந்தப் பற்கள்தான் கடைசியில் கெடும். நாக்குக்கு அடியில் இருக்கும் சுரப்பிகளின் வாய் அவற்றின் பின்னாலேயே திறப்பதால் எப்போதும் எச்சிலில் நனைந்திருக்கும். அதுவே கெட்டிருக்கிறது என்றால் எச்சில் இல்லை என்று அர்த்தம். அவர் ஒரு கப்பைக் கொடுத்து, விழுங்காமல் 15 நிமிடம் ஊறுவதை எல்லாம் துப்பச் சொன்னார். ஒன்றரை மில்லி அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு. அக்காவுக்கு ஒரு மில்லிகூட வரவில்லை. சீட்டில் 'ரோ, லா எதிரணுக்கள் பார்க்கவும்' என்று தனியாக எழுதி கோவைக்கு அனுப்பினார். ரோ பாசிடிவ்.

ஷோகிரனுக்காக 2016-இல் வந்த சர்வதேச வகைப்பாட்டில் ரோவுக்கு 3 புள்ளி, கண்ணீர்க் குறைவுக்கு 1, எச்சில் குறைவுக்கு 1. நான்கு இருந்தாலே போதும், அக்காவுக்கு ஐந்து. ரோ நெகடிவாக இருந்திருந்தால் கீழுதட்டின் உள்பக்கம் சின்னதாகக் கீறி, சிறு எச்சில் சுரப்பிகள் சிலவற்றை எடுத்து, வெள்ளணுக்கள் கூட்டமாக மொய்த்திருக்கின்றனவா என்று பார்த்திருப்பார்கள். அது அக்காவுக்குத் தேவைப்படவில்லை.

இந்தப் புள்ளிக் கணக்கைப் படித்தபோதுதான் எனக்கு அடி விழுந்தது. புள்ளி போடுவதற்கு முன்னால் நோயாளியிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் அதில் உண்டு. அதில் ஒன்று, உலர்ந்த உணவை விழுங்க அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறதா என்பது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு அவர் கேட்காமலேயே பதில் சொல்லியிருக்கிறார்.

சரி, முன்பே தெரிந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? கெட்டுப்போன சுரப்பியைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து கிடையாது. சொட்டு மருந்தை நான் ஏற்கெனவே கொடுத்திருந்தேன். எச்சில் சுரக்க வைக்கும் பைலோகார்பின் மாத்திரையும், ஃப்ளோரைடு பூச்சும், கன்னத்துச் சுரப்பி வீங்குகிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கண்காணிப்பதும் ஏழு மாதம் தாமதமாக ஆரம்பித்தன. ஏழு மாதம் பெரிதில்லை என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் அந்த மிட்டாய் நினைவுக்கு வரும். எச்சில் இல்லாத வாயில் சர்க்கரை நாள் முழுக்கத் தங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல டாக்டர் தேவையில்லை, நானே சொல்லியிருப்பேன். வாயைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

இப்போது கண் உறுத்துகிறது என்று வருகிற எல்லோரிடமும் விழுங்குவதைப் பற்றிக் கேட்கிறேன். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குளிர்காலத்தில் இங்கே பாதிப் பேருக்கு வாய் காய்கிறது, கேட்டதும் பயந்துபோய் கையில் இல்லாத காசைச் செலவு செய்து டெஸ்ட் எடுக்கிறார்கள், பெரும்பாலும் விறகடுப்புப் புகையாகவோ சர்க்கரை நோயாகவோ மாத்திரையாகவோதான் இருக்கிறது. கேட்டது சரியா என்று அப்போதும் யோசிக்கிறேன்.

போன மாதம் அக்கா சொட்டு மருந்து வாங்க வந்திருந்தார். கையில் தண்ணீர் பாட்டில், முன்பற்களில் இரண்டு இல்லை.

"அப்பவே மிட்டாயை விட்டிருந்தா இந்தப் பல்லு தங்கியிருக்குமா தம்பி?"

"தெரியல அக்கா" என்றேன். ஒருவேளை தங்கியிருக்கும் என்பதுதான் என் மனதில் இருந்த பதில். மருந்தைப் பையில் போட்டுக்கொண்டு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.