கூடுதலும் பெருக்கற்பலனும் ஒத்துப்போயின, விடை தவறு

கேட் கணிதத் தாளுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது எழுதிய மாதிரித் தேர்வு ஒன்றில் இந்த அணி வந்தது.

```
5  -3
2  -1
```

இதன் ஐகன் மதிப்புகள் எவை என்பது கேள்வி. நான் குறித்த விடை 2 ± √15. சரியான விடை 2 ± √3. இரண்டுமே கொடுக்கப்பட்ட தெரிவுகளில் இருந்தன. கேட் தேர்வில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் தவறினால் மதிப்பெண் குறையும். இரண்டு மதிப்பெண் வினா என்றால் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பெண் போய்விடும். அந்த மாதிரித் தேர்விலும் அதே கணக்குதான். ஆனால் என்னை வாட்டியது மதிப்பெண் அல்ல. நான் விடையைச் சரிபார்த்துவிட்டுத்தான் குறித்தேன். ஐகன் மதிப்புகளின் கூடுதல் மூலைவிட்டக் கூடுதலுக்குச் சமமாக இருக்க வேண்டும்: 4, சரி. அவற்றின் பெருக்கற்பலன் அணிக்கோவை மதிப்புக்குச் சமமாக இருக்க வேண்டும்: 4 − 15 = −11, அதுவும் நான் கண்டுபிடித்து வைத்திருந்த எண்தான். இரண்டும் பொருந்தின. பிறகு எப்படித் தவறாகும்?

அன்று மாலை தருமபுரி பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அணியின் உறுப்புகளை நிரை வரிசையில் a, b, c, d என்று வைத்தால் ad = −5. bc = −6. எனவே ad − bc = −5 + 6 = 1. நான் அவசரத்தில் −5 − 6 என்று எழுதி −11 என்று முடித்திருக்கிறேன். அந்த −11ஐ வைத்துத்தான் இருபடிச் சமன்பாட்டை அமைத்தேன். அதே −11ஐ வைத்துத்தான் விடையையும் சரிபார்த்தேன். தவறான எண்ணிலிருந்து பிறந்த விடை அந்தத் தவறான எண்ணோடு ஒத்துப்போகாமல் வேறு எதோடு ஒத்துப்போகும்? அந்தச் சோதனை இருபடிச் சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தேனா என்பதை மட்டுமே சொல்லும். சமன்பாட்டையே தவறாக அமைத்திருந்தால் அதற்குத் தெரியாது.

டிரேஸ், அணிக்கோவை இரண்டையும் வைத்து ஐகன் மதிப்பு காணும் குறுக்குவழி பலருக்கும் தெரியும். அதை இரண்டு தனித்தனிப் பாதைகளாக வைத்துக்கொண்டால் இந்த மாதிரித் தவறு சிக்கிக்கொள்ளும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் காவேரிப்பட்டணத்திலிருந்து தருமபுரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்ப் படித்தவள். ஆடும் பஸ்ஸில் எழுத முடியாது. எனவே ஒரு சின்ன அட்டையில் பத்து அணிகளை எழுதிக்கொண்டு, காரிமங்கலம் வருவதற்குள் எத்தனைக்கு மனத்திலேயே விடை காண முடிகிறது என்று பார்ப்பேன். λ² − (a+d)λ + (ad−bc) = 0 என்று சமன்பாட்டை மனத்தில் எழுதி, காரணிப்படுத்த எண்களைத் தேடுவது அங்கே சரிவரவில்லை. இரண்டு எண்களை மட்டும் மனத்தில் நிறுத்தினால் போதும் என்ற வடிவம்தான் கைகொடுத்தது.

முதல் எண் m. மூலைவிட்ட உறுப்புகள் இரண்டின் சராசரி, அதாவது டிரேஸில் பாதி. இரண்டாவது p, அணிக்கோவை மதிப்பு. ஐகன் மதிப்புகள் இரண்டும் m-இலிருந்து இருபுறமும் ஒரே தூரத்தில் இருக்கும், ஏனென்றால் அவற்றின் சராசரி m. அந்தத் தூரத்தை k என்றால் பெருக்கற்பலன் (m+k)(m−k) = m² − k². அது p-க்குச் சமம். ஆக k² = m² − p.

```
λ = m ± √(m² − p)
```

இது முதல் பாதை. இப்போது m² − p என்பதை விரித்துப் பாருங்கள். (a+d)²/4 − ad + bc. இதில் முதல் இரண்டு உறுப்புகளும் சேர்ந்து (a−d)²/4 ஆகிவிடும்.

```
k² = ((a − d)/2)² + bc
```

இது இரண்டாவது பாதை. இதில் அணிக்கோவையே வரவில்லை. மூலைவிட்ட உறுப்புகளின் வித்தியாசத்தில் பாதியை வர்க்கப்படுத்தி, மற்ற மூலைவிட்டத்தின் பெருக்கற்பலனைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். என்னைக் கவிழ்த்த அணியில் வித்தியாசத்தின் பாதி (5+1)/2 = 3. வர்க்கம் 9. bc = −6. கூட்டினால் 3. முதல் பாதையில் எனக்கு வந்தது 15. இரண்டும் ஒத்துப்போகாத அந்த நொடியிலேயே பேனா நின்றிருக்கும்.

பர்கூரில் பொறியியல் படிக்கும் என் சித்தி மகனுக்கு இதைச் சொன்னபோது, “அக்கா, இது சூத்திரத்தை மாற்றி எழுதியதுதானே? இதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?” என்று கேட்டான். இருக்கிறது. அணியின் மூலைவிட்ட உறுப்புகள் இரண்டிலிருந்தும் m-ஐக் கழித்துவிடுங்கள். வித்தியாசத்தின் பாதியை h என்று வைத்தால் மிஞ்சுவது இது:

```
h   b
c  -h
```

இதைத் தன்னோடு தானே பெருக்கினால் மூலைவிட்டத்தில் இரண்டு இடத்திலும் h² + bc, மற்ற இரண்டு இடத்திலும் பூச்சியம். அதாவது இந்த அணியின் வர்க்கம் அலகு அணியின் மடங்கு. இதன் டிரேஸோ பூச்சியம். எனவே இதன் ஐகன் மதிப்புகள் ±√(h² + bc). கழித்த m-ஐத் திரும்பக் கூட்டினால் மூல அணியின் ஐகன் மதிப்புகள். மறந்துபோனாலும் அரை நிமிடத்தில் மீண்டும் வரவழைத்துக்கொள்ளலாம் என்பதால் எனக்கு இந்த விளக்கம் மிகவும் பிடிக்கும்.

எண்கள் பெரிதானால் இரண்டாவது பாதையின் அருமை இன்னும் தெரியும்.

```
102   3
  4  98
```

முதல் பாதையில் போனால் 102 × 98 = 9996, அதில் 12 போக 9984, பிறகு 100² − 9984 = 16. இரண்டு பெரிய எண்களைக் கண்டுபிடித்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, கடைசியில் ஒரு சிறிய எண்ணுக்கு வருகிறோம். இரண்டாவது பாதையில் h = 2, 4 + 12 = 16. முடிந்தது. ஐகன் மதிப்புகள் 104, 96. மூலைவிட்டத்தில் நெருங்கிய பெரிய எண்கள் வந்தால் நான் முதலில் இரண்டாவது பாதையில்தான் போவேன். தசம எண்கள் வரும்போதும் அப்படியே. அங்கே முதல் பாதையில் இடையில் சற்று முழுமையாக்கிவிட்டால்கூட, கழித்தபின் மிஞ்சும் சிறிய எண் முழுவதும் கெட்டுப்போகும்.

a − d ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் பாதி எடுக்கும்போது 1.5, 2.25 என்று போகும். அப்போது எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி, (a−d)² + 4bc-யின் வர்க்கமூலத்தை எடுத்து, டிரேஸோடு கூட்டியும் கழித்தும் கடைசியில் பாதியாக்குவது எளிது.

```
4  2
5  1
```

இதில் 9 + 40 = 49, வர்க்கமூலம் 7. டிரேஸ் 5. எனவே 12/2 = 6, −2/2 = −1.

இதே அணியில் இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் நிரையின் கூடுதல் 6, இரண்டாவது நிரையின் கூடுதலும் 6. இரண்டு நிரைகளும் ஒரே கூடுதலைக் கொடுத்தால் அந்த எண்ணே ஓர் ஐகன் மதிப்பு, ஏனென்றால் இரண்டு உறுப்புகளும் 1 ஆக உள்ள நிரல் வெக்டரை அணியால் பெருக்கினால் அந்த வெக்டரே 6 மடங்காகத் திரும்புகிறது. மற்றொன்று டிரேஸிலிருந்து அதைக் கழித்தால் வருவது: 5 − 6 = −1. நிரல்களின் கூடுதல் சமமாக இருந்தாலும் இது பொருந்தும். அணிக்கும் அதன் நிரை நிரல் மாற்று அணிக்கும் ஐகன் மதிப்புகள் ஒன்றேதான். நிகழ்தகவு அணிகளில் ஒரு ஐகன் மதிப்பு 1 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதனால்தான்.

இரண்டு பாதைகளும் பிடிக்காத தவறுகளும் உண்டு. bc-யைக் காணும்போதே குறி தவறினால், அதாவது −3 × 2-ஐ 6 என்று எடுத்துவிட்டால், அந்தத் தவறு இரண்டு பாதைகளிலும் ஒரேபோல நுழையும், விடைகளும் ஒத்துப்போகும். வினாத்தாளிலிருந்து அணியைத் தவறாக எழுதிக்கொண்டாலும் அப்படியே. ஆகவே bc-யின் குறியை மட்டும் தனியாக ஒரு முறை பார்த்துவிடுவது என் வழக்கம். அந்தக் குறி வேறு சிலவற்றையும் சொல்லிவிடும். bc பூச்சியமாகவோ அதற்கு மேலோ இருந்தால் k² குறை எண்ணாக முடியாது, எனவே ஐகன் மதிப்புகள் மெய்யெண்களே. சமச்சீர் அணியில் b, c இரண்டும் ஒன்று என்பதால் bc ஒருபோதும் குறை எண் ஆகாது. மெய்யெண் சமச்சீர் அணிக்குக் கலப்பெண் ஐகன் மதிப்பு வராது என்ற தேற்றம் இரண்டுக்கு இரண்டு அளவில் இந்த ஒரு வரியிலேயே அடங்கிவிடுகிறது. bc குறை எண்ணாகி, குறியை விட்டுப் பார்த்த அதன் அளவு h²-ஐ மிஞ்சினால்தான் கலப்பெண் வரும். a = 1, b = −5, c = 2, d = 3 என்று எடுத்துக்கொண்டால் h² = 1, bc = −10, k² = −9. விடை 2 ± 3i. அணிக்கோவை 13, 2² + 3² = 13.

k² = 0 என்று வந்தால் அங்கே நிதானிக்க வேண்டும். வினாக்களில் பொறி வைக்கும் இடம் அது. 5, −4, 1, 1 என்ற உறுப்புகள் கொண்ட அணியில் h = 2, bc = −4, k² = 0. ஐகன் மதிப்பு 3, இரண்டு முறை. இதே டிரேஸும் இதே அணிக்கோவையும் 3-ஐ மூலைவிட்டத்தில் மட்டும் கொண்ட திசையிலி அணிக்கும் உண்டு. ஆனால் திசையிலி அணி ஏற்கெனவே மூலைவிட்ட அணி, முதல் அணியையோ மூலைவிட்டமாக்கவே முடியாது. அதற்கு ஒரே ஓர் ஐகன் வெக்டர் திசைதான் கிடைக்கும். டிரேஸும் அணிக்கோவையும் இந்த வேறுபாட்டைக் காட்டாது. இரண்டுக்கு இரண்டு அணியில் மதிப்பு மீண்டும் வந்தால், அணி திசையிலி அணியா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் மூலைவிட்டமாக்க முடியாது.

மூன்றுக்கு மூன்று அணிக்கு இந்த இரண்டு எண்கள் போதா. மூன்று ஐகன் மதிப்புகளுக்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். முதன்மை மூலைவிட்டத்தில் அமையும் இரண்டுக்கு இரண்டு சிற்றணிக்கோவைகளின் கூடுதல்தான் அந்த மூன்றாவது. ஆனால் கடைசி நிரை 0, 0, 7 என்பதுபோல் இருந்தால், 7 ஓர் ஐகன் மதிப்பு. இடது மேல் மூலையில் மிஞ்சும் இரண்டுக்கு இரண்டு அணிக்கு h-ஐயும் bc-யையும் பார்த்தால் மற்ற இரண்டும் கிடைத்துவிடும். வலப்பக்க நிரலின் மேல் இரண்டு இடங்களில் எந்த எண் இருந்தாலும் விடை மாறாது.