பல் டாக்டருக்கு என் சிரிப்பைப் படமெடுத்து அனுப்பிய கதை

பள்ளியில் படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து மேல் முன்பல் ஒன்று உடைந்தது. அதற்குக் கேப் போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஓரம் கறுத்துவிட்டது, மாற்றலாம் என்று முடிவு செய்தேன். பெரியப்பா மகள் பல் டாக்டர், இருப்பது கோயம்புத்தூரில். நான் இருப்பது திருநெல்வேலியில். "வர்றதுக்கு முன்னாடி சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு, என்ன தெரியுதுன்னு நீயே எழுதியும் அனுப்பு" என்றாள். ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். மூன்று நாள் ஆனது.

முதலில் அனுப்பியது செல்ஃபி. கையை நீட்டி, கொஞ்சம் மேலே தூக்கி, எல்லாரும் எடுப்பது போல எடுத்தேன். கூடவே, "வலது முன்பல் சின்னதாக இருக்கிறது, ஈறு தெரியவில்லை, வாய் கோணல்" என்று எழுதினேன். அக்கா உடனே போன் செய்தாள். "டேய், உன் சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்கு?" படத்தைப் பார்த்தேன், இடது மார்பில் இருக்க வேண்டிய பை வலது மார்பில் இருந்தது. முன்பக்கக் கேமரா என்னைக் கண்ணாடி பிம்பமாகச் சேமித்திருக்கிறது. கேப் போட்டது என் இடது பல். பல் டாக்டர்கள் கணக்கில் அது 21, அதன் ஜோடியான வலது பல் 11. வலது, இடது என்பது எப்போதும் நோயாளியின் பக்கத்திலிருந்துதான், படத்தைப் பார்ப்பவர் பக்கத்திலிருந்து இல்லை. அன்றிலிருந்து படத்துக்கு நிற்கும்போது பை வைத்த சட்டைதான் போடுகிறேன்.

அந்தப் படத்தில் அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. கேமரா மேலிருந்து பார்த்தால் மேலுதடு திரை மாதிரி இறங்கி ஈறை மறைத்துவிடும். பற்கள் உதட்டுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால் வரும் வினை இது. கீழிருந்து எடுத்தால் நேர்மாறு, இல்லாத ஈறெல்லாம் தெரியும். முகவாயைத் தூக்குவதும் குனிவதும் இதே வேலையைச் செய்யும். அதனால் "ஈறு தெரியவில்லை" என்று நான் எழுதியதற்கு அர்த்தமே இல்லை. அது என் சிரிப்பைப் பற்றிய செய்தி அல்ல, கை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைப் பற்றிய செய்தி. கைக்கெட்டும் தூரத்திலிருந்து எடுப்பதால் முகத்தின் நடுப்பகுதி உப்பித் தெரிவதும் சேர்ந்துகொள்கிறது. போதாததற்கு அழகுபடுத்தும் வசதி வேறு தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. அது பல்லை வெளுப்பாக்கி ஈறின் ஓரத்தை மழுக்கிவிட்டது.

இரண்டாம் முறை மனைவியைப் பிடித்தேன். ஜன்னலைப் பார்த்து நாற்காலியில் நான், எதிரே ஒரு மீட்டர் தள்ளி இன்னொரு நாற்காலியில் அவள். பின்பக்கக் கேமரா, இரண்டு மடங்கு ஜூம், பிளாஷ் கிடையாது. பிளாஷ் போட்டால் ஈரப் பல்லில் வெள்ளைப் பொட்டு விழுந்து விளிம்பைத் தின்றுவிடும். போன் என் வாய் உயரத்தில் இருக்க வேண்டும், கண் உயரத்தில் அல்ல. இதை அவளுக்குப் புரியவைக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. முகம் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு காதும் ஒரே அளவு தெரிகிறதா என்று பார்த்தாள். தலை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க என் முதுகுக்குப் பின்னால் கதவு நிலை இருந்தது.

சிரிப்பதுதான் கஷ்டம். கேமராவைப் பார்த்ததும் உதடு இறுகிப்போகிறது. அக்கா சொல்லிக்கொடுத்தபடி எச்சில் விழுங்கி, உதட்டை நனைத்து, "ம்ம்" என்று மூடிவிட்டுத் தளர்த்தினேன். அது ஓய்வு நிலை, அதில் ஒரு படம். அப்புறம் முழுச் சிரிப்பு, தொடர்ச்சியாகப் பத்துப் படம். பத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். பையன் ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்த படம்தான் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பை அடுத்த முறை அதே அளவில் வரவைக்க முடியாது, ஒப்பிட உதவாது என்று அக்கா ஒதுக்கிவிட்டாள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும் என்பதால் டாக்குமெண்டாக அனுப்பினேன்.

இனி விவரிக்க வேண்டும். "கோணல்" என்று ஒரே வார்த்தையில் எழுதியது தப்பு என்று இப்போதுதான் புரிந்தது. தலை கோணலா, உதடு கோணலா, பல் கோணலா? முதலில் இரண்டு கண்மணிகளையும் சேர்க்கும் கோடு படுக்கையாக வரும்வரை படத்தைத் திருப்பினேன். பாதிக் கோணல் அங்கேயே போய்விட்டது, அது தலையின் சாய்வு. மீதியைப் பார்த்தால் மேல்பற்களின் நுனிகள் கண் கோட்டுக்கு இணையாகவே இருந்தன. நடுப் பல் இடுக்கும் மேலுதட்டின் நடுக்குழிக்கு நேராக இருந்தது. உதடு மட்டும்தான் இடது ஓரத்தில் கூடுதலாக ஏறுகிறது. இடது கோரைப்பல்லுக்கு மேல் ஈறு தெரிகிறது, வலது பக்கம் தெரியவில்லை. அது தசை இழுக்கும் விதம், பல்லில் கைவைத்து அதைச் சரிசெய்ய முடியாது. இத்தனை வருஷமாக நான் பல்லைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது அளவு. கண்ணாடி முன் நின்று 11-இன் அகலத்தை ஸ்கேலால் பார்த்தேன், 9 மி.மீ. கணினியில் பெயிண்ட் செயலியில் அதே பல் 45 பிக்சல். ஆக 5 பிக்சலுக்கு ஒரு மில்லிமீட்டர். 11-இன் உயரம் 50 பிக்சல், அதாவது 10 மி.மீ. கேப் போட்ட 21 வெறும் 42 பிக்சல், 8.4 மி.மீ. நுனி இரண்டும் ஒரே மட்டம். அப்படியானால் குறைவது மேலே, ஈறு ஓரத்தில். முழுச் சிரிப்பில் 11-க்கு மேல் 2 மி.மீ. ஈறு தெரிந்தது, 21-க்கு மேல் 3.6. ஈறு 2 மி.மீ. வரை தெரிந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்றாள் அக்கா. கண்ணை உறுத்துவது அடுத்தடுத்த இரண்டு முன்பல்லில் ஈறு ஏறி இறங்கி இருப்பதுதான். பக்கத்துச் சின்னப் பல்லில் அது ஒரு மில்லிமீட்டர் கீழே இருந்தாலும் இயல்பு. நடு இரண்டும்தான் ஜோடியாக இருக்க வேண்டும்.

கடைசியில் நான் எழுதி அனுப்பியது இது: "ஓய்வில் மேல்பல் 2 மி.மீ. தெரிகிறது. முழுச் சிரிப்பில் மேல் முன்பற்கள் முழுவதும், கூடவே ஈறும். நுனிகள் சமம், நடுக்கோடு நேர். 21-இன் ஈறு 11-ஐ விட 1.6 மி.மீ. கீழே. உதடு இடப்பக்கம் அதிகம் ஏறுகிறது." ஒரு பிக்சல் தள்ளிக் குறித்தாலே 0.2 மி.மீ. போய்விடும் என்பதால் அந்த 1.6-ஐ ஒன்றரை என்றே வைத்துக்கொள்ளச் சொன்னேன். கேப்பின் நிறத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம்.

கோயம்புத்தூர் போனபோது அக்கா ஈறுக்குள் அளவுக் கம்பி விட்டுப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்தாள். படம் சொல்லாதது அங்கேதான் இருக்கிறது. ஈறு மட்டும் அதிகமாக இருக்கிறதா, அடியில் எலும்பும் இறங்கியிருக்கிறதா என்பது சிரிப்பில் தெரியாது. எலும்பைப் பார்க்காமல் ஈறை வெட்டினால் அது மறுபடி வளர்ந்துவரும், இல்லாவிட்டால் கேப் ஓரம் எப்போதும் சிவந்தே இருக்கும். எனக்கு எலும்பு தள்ளித்தான் இருந்தது, ஈறு மட்டும் திருத்தினால் போதும் என்றாகிவிட்டது. திருத்தியாயிற்று. ஈறு ஆறி ஒரு மட்டத்தில் நின்ற பிறகுதான் புதுக் கேப், அதுவரை தற்காலிகக் கேப்.

நாற்காலிக் கால்கள் நின்ற இடத்தில் தரையில் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே நேரத்தில், அதே சட்டையில் ஒரு படம். வீடு கூட்டும்போது டேப்பைப் பிய்க்காதே என்று சொல்லிச் சொல்லி மனைவிக்கு அலுத்துவிட்டது.