காணிப் பார்ட்டிகளைத் தவறவிடாமல் வைத்திருக்க நான் போட்ட ஷீட்

வவுனியாவில் இருந்து கிளிநொச்சி வரைக்கும் காணி வாங்க, விற்க ஆள் சேர்த்துக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களின் விவரம் முன்பு கொப்பியிலும் வட்ஸ்அப்பிலும் கிடந்தது. இப்போது எல்லாம் ஒரே கூகுள் ஷீட்டில் இருக்கிறது. அதை எப்படிக் கட்டினேன், எது வேலை செய்தது என்று எழுதுகிறேன். இங்கே தரகு செய்கிற தம்பிமாருக்கு உதவும்.

ஒன்பது நிரல்கள்தான். A முதல் I வரை வரிசையாக: திகதி, பெயர், போன், எங்கிருந்து, நிலை, பட்ஜெட், தேவை, அடுத்த வேலை, எப்போது. தாளுக்குப் பெயர் ‘பட்டியல்’. போன் நிரலை முதலிலேயே Plain text ஆக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 077 இல் முன்னுக்கு நிற்கிற பூச்சியம் காணாமல் போகும்.

‘எங்கிருந்து’ என்பதை நிறையப் பேர் பேஸ்புக், போன், நேரில் என்று போட்டுவிட்டு விடுவார்கள். வன்னியில் அது போதாது. இங்கே ஒரு பார்ட்டி வருவது பெரும்பாலும் இன்னொரு ஆள் மூலம்தான். ஓட்டோக்காரர் சொல்லி அனுப்புவார், கடைக்காரர் நம்பர் கொடுப்பார், இன்னொரு புரோக்கர் ‘பாதிக்குப் பாதி’ என்று கொண்டுவருவார். அந்த ஆளின் பெயரும் கொமிஷனில் என்ன பேச்சு என்பதும் அந்தக் கட்டத்திலேயே இருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு பேர் மூலமாக வருவதும் நடக்கும். யார் முதலில் கொண்டுவந்தது என்ற கேள்வி உறுதி எழுதுகிற நாளில்தான் எழும்பும். முதல் கோல் வந்த திகதியும் பெயரும் ஷீட்டில் இருந்தால் அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

பட்ஜெட்டில் இரண்டு விஷயம் கேட்காமல் நான் எதையும் எழுதுவதில்லை. ஒன்று, அது மொத்தக் காசா, காணி விலை மட்டுமா? முத்திரைத் தீர்வை நூற்றுக்கு நாலு அளவில் வரும். அதற்கு மேல் நொத்தாரிசு, சேர்வையர், எங்கள் கொமிஷன், பிறகு வேலி. இரண்டாவது, எந்த அளவில் பேசுகிறார்? யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆட்கள் பரப்பில் விலை சொல்வார்கள், இங்கே வயலும் தோட்டக் காணியும் ஏக்கரில் பேசப்படும். 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச். ‘ஆறு இலட்சம்’ என்று மட்டும் எழுதிவைத்தால் இரண்டு மாதம் கழித்து அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. நான் ‘மொத்தம் 60 இலட்சம், செலவு உட்பட’ என்று முழுசாக எழுதுவேன்.

நிலைக்கு ஒரு டிராப்டவுன்: விசாரிப்பு, தேவை உறுதி, காணி பார்த்தது, பத்திரம் பார்ப்பு, அட்வான்ஸ், முடிந்தது, விலகியது. பார்ட்டி வாயால் சொன்னதற்காக நிலையை மாற்றுவதில்லை, செய்ததற்காகத்தான் மாற்றுவேன். ‘கட்டாயம் வாங்குவன் அண்ணை’ என்றால் இன்னும் விசாரிப்புத்தான். குடியுரிமை, பட்ஜெட், காணி வகை மூன்றுக்கும் நேர்ப் பதில் தந்த பிறகுதான் தேவை உறுதி.

அந்தக் கேள்விகள் வன்னியில் ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். இங்கே குடியேற்றத் திட்டக் காணிகள் நிறைய. அவற்றில் பல இன்னும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பேமிட் காணி, அல்லது அளிப்புப் பத்திரம். பேமிட்டை உறுதிக்காணி மாதிரி எழுதி விற்க முடியாது. அளிப்புக் காணியைக் கைமாற்றவும் முன்கூட்டியே பிரதேச செயலகத்தின் சம்மதம் வேண்டும். வெளிநாட்டுப் பார்ட்டி என்றால் இன்னொன்று: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜையின் பெயருக்குக் காணியை விற்று உறுதி எழுத முடியாது. இங்கே பிறந்திருந்தாலும் குடியுரிமையை விட்டுவிட்டவர் அந்தக் கணக்கில்தான் வருவார். இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை. இதை முதல் கோலிலேயே கேட்டால் ஒரு வருஷ அலைச்சல் மிச்சம்.

இனி உயிர்நாடியான இரண்டு நிரல்கள்: அடுத்த வேலை, எப்போது. இரண்டும் சேர்ந்தே நிரப்பப்பட வேண்டும். ‘கதைக்க வேண்டும்’ என்று நான் எழுதுவதில்லை. யார், யாரிடம், எதை என்று இருக்க வேண்டும். ‘அக்காவிடம் உறுதிப் பிரதி வாங்கி நொத்தாரிசிடம் கொடுக்க’ என்று இருந்தால், அன்றைக்குக் காலையில் யோசிக்காமல் மோட்டார்சைக்கிளை எடுக்கலாம்.

திகதியை நம் ஊர்ப் பேச்சில் இருந்தே எடுக்கலாம். விசுவமடுப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் ‘வெட்டு முடியட்டும் தம்பி’ என்றால் அவர் நழுவவில்லை, நாள் சொல்கிறார். காலபோக நெல் பெப்ரவரி, மார்ச்சில் வெட்டுப்படும். நெல் விற்ற காசு கைக்கு வர இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும். ஆகவே மார்ச் கடைசியில் ஒரு திகதி போடுவேன். ‘நல்லூர்த் திருவிழாவுக்கு வருவம்’ என்று வெளிநாட்டுக்காரர் சொன்னால், ஜூன் நடுவில் ‘டிக்கெட் போட்டாச்சா என்று கேட்க’ என்று எழுதுவேன். வந்து இறங்கிய பிறகு கேட்டால், அதற்குள் மூன்று புரோக்கர் அவரைச் சுற்றி நிற்பார்கள்.

ஷீட்டில் ‘இன்று’ என்று இரண்டாவது தாள் போட்டு, அதன் A2 இல் இதை வைத்திருக்கிறேன்:

```
=IFERROR(SORT(FILTER('பட்டியல்'!A2:I, 'பட்டியல்'!I2:I<>"", 'பட்டியல்'!I2:I<=TODAY()), 9, TRUE), "இன்று யாருமில்லை")
```

இன்றைக்கும் இதற்கு முன்பும் நாள் குறித்தவர்கள் எல்லாரும் பழைய திகதி மேலே வர அடுக்கப்பட்டு நிற்பார்கள். காலையில் தேத்தண்ணியோடு நான் திறப்பது இந்தத் தாளை மட்டும்தான். வேலை முடிந்தால் பட்டியலில் போய்ப் புது வேலையும் புதுத் திகதியும் போடுவேன், பெயர் தானாக இங்கிருந்து போய்விடும். முடிந்தவர், விலகியவர் என்றால் திகதியை அழித்துவிடுவேன்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஷீட்டின் Locale அமெரிக்கா என்று இருந்தால், 05/08 என்று நீங்கள் ஓகஸ்ட் ஐந்தை அடிக்க, அது மே எட்டு என்று எடுத்துக்கொள்ளும். 25/08 என்று அடித்தால் அப்படி ஒரு மாதம் இல்லை என்பதால் வெறும் எழுத்தாகவே விட்டுவிடும். எழுத்தாக நிற்பது `TODAY()` உடன் ஒப்பிடும்போது எப்போதும் பெரியதாகவே கணக்கில் வரும். அதனால் அந்தப் பார்ட்டி ‘இன்று’ தாளுக்கு ஒருநாளும் வராது, பிழை என்று சிவப்பில் எதுவும் காட்டவும் மாட்டாது. பார்த்துக் கண்டுபிடிக்க வழி உண்டு: சரியான திகதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். File, Settings போய் Locale-ஐ United Kingdom என்று மாற்றினால் நாள் முதலில் வரும். பழைய எழுத்துத் திகதிகளைத் திரும்ப அடிக்க வேண்டும்.

அதோடு ‘இன்று’ தாளில் கொஞ்சம் தள்ளி, K2 இல் இன்னொரு வரி:

```
=IFERROR(FILTER('பட்டியல்'!B2:E, 'பட்டியல்'!B2:B<>"", ISNUMBER('பட்டியல்'!I2:I)=FALSE, 'பட்டியல்'!E2:E<>"முடிந்தது", 'பட்டியல்'!E2:E<>"விலகியது"), "எல்லாம் சரி")
```

திகதி போடாமல் விட்டவர், எழுத்தாகப் பதிந்தவர் இருவரையும் இது பிடித்துக் காட்டும். எனக்கு இந்தத் தாளிலேயே அதிகம் பயன்பட்ட வரி இதுதான்.

ஒரு பார்ட்டியின் கதையைச் சொன்னால் விளங்கும். ரொறன்ரோவில் இருக்கும் ஒரு அண்ணை, கிளிநொச்சியில் இருக்கும் அவரின் அக்கா மூலம் பெப்ரவரியில் வந்தார். ‘எங்கிருந்து’ நிரலில் அக்காவின் பெயர், கொமிஷன் பேச்சு இல்லை. தேவை: ஏ9 வீதிக்குக் கிட்ட அரை ஏக்கர், அதாவது எட்டுப் பரப்பு. பட்ஜெட்: மொத்தம் 60 இலட்சம், செலவு உட்பட. செலவுக்கு ஒதுக்கிவிட்டு, காணி விலை 54க்கு மேல் போகக்கூடாது என்று அதே கட்டத்தில் எழுதினேன்.

குடியுரிமை கேட்டபோது கனடாப் பிரஜை, இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்றார். அடுத்த வேலை: ‘சான்றிதழ் வந்ததா என்று கேட்க’, ஒவ்வொரு மாத முதலாம் திகதியும். கோடை காலத்தில் இங்கே காலை ஏழு மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு ஒன்பதரை, வேலையால் வந்து சாப்பிட்டு இருக்கிற நேரம். திகதியை நம் நாளிலேயே போடுவேன், மணியை அடுத்த வேலையோடு எழுதுவேன்.

நடுவில் வட்டக்கச்சியில் ஒரு துண்டு மலிவாக வந்தது. பத்திரத்தைப் பார்த்தால் பேமிட். அக்கா ‘எல்லாரும் வாங்கினந்தானே தம்பி’ என்றார். அவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, ‘உறுதிக்காணி மட்டும்’ என்று தேவையில் சேர்த்தேன். பிறகு அந்த வகைத் துண்டு எதையும் அவருக்கு அனுப்பவில்லை.

ஜூனில் சான்றிதழ் வந்தது, ஜூலையில் ஆளும் வந்தார். பரந்தன் பக்கத்தில் பரப்பு ஆறரை இலட்சப்படி, எட்டுப் பரப்பு 52 இலட்சத்துக்கு ஒரு உறுதிக்காணி. பார்த்த அன்றே அட்வான்ஸ் கொடுக்க நின்றார். நான் விடவில்லை. நிலை ‘காணி பார்த்தது’, அடுத்த வேலை ‘நொத்தாரிசு பதிவகத்தில் தேடிப்பார்க்க, சேர்வையர் எல்லை காட்ட’, திகதி அடுத்த வாரம். தேடலில் ஈடு எதுவும் இல்லை. அளந்தபோது பின் வேலி உள்ளே தள்ளிக் கிடந்தது தெரிந்தது. வேலியைப் பிளானில் உள்ளபடி திருப்பிப் போட்டுத் தருவதாக விற்கிறவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் ‘அட்வான்ஸ்’ என்று மாற்றினேன். ஓகஸ்டில் அவர் திரும்பிப் போவதற்கு முன் உறுதி எழுதி முடிந்தது.

நெடுங்கேணி மாதிரி உள்ளுக்குப் போனால் சிக்னல் இருக்காது. ஷீட்டில் Make available offline என்பதைப் போனில் போட்டுவைத்தால் காணியில் நின்றபடியே பதியலாம், சிக்னல் வந்ததும் ஏறிவிடும். போன் நம்பர், பட்ஜெட் எல்லாம் மற்றவர்களின் சொந்த விவரம் என்பதால் ஷீட்டை லிங்கில் யாரும் பார்க்கும்படி நான் திறந்துவிடுவதில்லை. கூட வேலை செய்கிற தம்பிக்கு மட்டும் அவனுடைய ஈமெயிலுக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன்.