நான் 32-வது நிமிடத்தில், டிவி 2-வது எபிசோடில்

பஸ்ஸில் வரும்போது போனில் ஓடிடி ஆப் ஒன்றில் ஒரு தொடரின் 4-வது எபிசோடை 32-வது நிமிடம் வரை பார்த்திருந்தேன். மீதியை வீட்டில் பெரிய திரையில் பார்க்கலாம் என்று டிவியைப் போட்டால், அதே தொடர் 2-வது எபிசோடின் நடுவில் நிற்கிறது. அதற்கு முன்னால், நான் தொட்டே பார்க்காத ஒரு சமையல் நிகழ்ச்சி.

ஆப்பின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். நீண்ட நேரம் இசை கேட்க வைத்துவிட்டு, "கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க சார்" என்றார் அந்தப் பையன். எந்தக் கருவியில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கையில் இருந்த போனிலேயே செட்டிங்ஸுக்குள் போனேன். அங்கே "Clear cache", "Clear data" என்று இரண்டு பட்டன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் (சில போன்களில் இரண்டாவது "Clear storage"). முதலாவது தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிக்கும். இரண்டாவது லாகின், டவுன்லோடு எல்லாவற்றையும் துடைத்துவிடும். நான் எதை அழுத்தினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குப் போகும்போது பார்க்க வைத்திருந்த ஆறு எபிசோடுகள் போயின. மறுபடி லாகின் செய்ய ஓடிபி வேண்டும், அது வருவது மனைவியின் எண்ணுக்கு, அவர் இருந்ததோ ஆபீஸ் மீட்டிங்கில்.

ஆனால் அந்த முட்டாள்தனத்தால் ஒரு நன்மையும் நடந்தது. சாயங்காலம் லாகின் ஆனதும் அதே தொடர், அதே 4-வது எபிசோடு, அதே 32-வது நிமிடம் போனுக்குத் திரும்பி வந்துவிட்டது. போனில்தான் எல்லாம் அழிந்துவிட்டதே, எங்கிருந்து வந்தது? சர்வரிலிருந்துதான். அப்படியானால் போன் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. கோளாறு டிவி பக்கம். கேஷைத் தொடுவதற்கு முன்பே இதைச் சோதித்திருக்கலாம். போனில் ஏதாவது ஒரு படத்தை வாட்ச்லிஸ்ட்டில் சேர்த்துவிட்டு, டிவியில் ஆப்பை மூடித் திறந்து பார்த்தால் போதும். அப்போதும் அந்தப் படம் வரவில்லை என்றால் இரண்டும் ஒரே புரொஃபைல் இல்லை, அல்லது ஒரே கணக்கே இல்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

என் விஷயத்தில் புரொஃபைல்தான். புதிதாக லாகின் செய்தபோது யார் பார்க்கிறீர்கள் என்று போன் கேட்டது. அப்போதுதான் ஒரே நீல நிற முகத்தோடு இரண்டு புரொஃபைல்கள் இருப்பதைக் கவனித்தேன். ஒன்று நான் உருவாக்கியது. இன்னொன்று கணக்குத் தொடங்கும்போது தானாக வந்தது. டிவி ஆப் எதையும் கேட்காமல் கடைசியாக இருந்த புரொஃபைலையே திறந்துகொண்டிருந்தது. அது அந்தத் தானாக வந்த புரொஃபைல். மத்தியானம் அம்மா சமையல் நிகழ்ச்சி பார்ப்பதும் அதில்தான். என் பழைய கொலைக் கதைகளால் அம்மாவுக்கு ஒரே துப்பறியும் படமாகப் பரிந்துரைத்திருக்கிறது, பாவம். டிவியில் என் புரொஃபைலுக்கு மாறியதும் 32-வது நிமிடம் வந்து நின்றது.

முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் போனில் 5-வது எபிசோடை முடித்துவிட்டு வந்தால், டிவி இன்னும் 4-லேயே இருக்கிறது. புரொஃபைல் சரி. இந்த முறை காரணம் ரிமோட். பவர் பட்டனை அழுத்தினால் எங்கள் ஆண்ட்ராய்டு டிவி தூங்குகிறதே தவிர அணைவதில்லை. ஆப் நேற்றிரவு விட்ட நிலையிலேயே கிடந்து, நேற்றைய பட்டியலையே காட்டுகிறது. டிவி செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், அந்த ஆப்பைத் தேர்ந்தெடுத்து "Force stop" கொடுத்தேன். திறந்ததும் 6-வது எபிசோடு தயாராக இருந்தது. கேஷைத் தொடவே இல்லை. போஸ்டர் படங்கள் வராமல் கறுப்பாக நின்றாலோ, டிவியில் இடம் நிரம்பி ஆப் திணறினாலோ கேஷை அழியுங்கள், தப்பில்லை. பட்டியல் பழசாக இருப்பதற்கு "Force stop"தான் முதல் வைத்தியம்.

இன்னொரு இடத்திலும் ஏமாந்தேன். டிவியின் முகப்புத் திரையில் தனியாக ஒரு "Continue watching" வரிசை இருக்கிறது. அது டிவியுடையது, ஆப்புக்குள் இருக்கும் வரிசை வேறு. ஆப் சரியான பிறகும் முகப்பு பழைய எபிசோடையே காட்டியது. ஆப்புக்குள் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எல்லாம் சரியாகி, நேற்று மத்தியானம் அம்மாவிடமிருந்து போன்: "டேய், என் சமையலைக் காணோம், யாரோ கத்தியோட நிக்கிறான்." முந்தின இரவு என் புரொஃபைலிலேயே டிவியை விட்டிருக்கிறேன். அம்மா புரொஃபைலுக்கு இப்போது யானைப் படம் வைத்தாயிற்று.